முதல் முழுநேர ஊழியருக்கு வேலைக் கடிதம் எழுதுவது எப்படி

நாமக்கல்லில் என் தங்கை வீட்டார் ஒரு எலக்ட்ரிக்கல் கடை நடத்துகிறார்கள். ஐந்து வருடமாக தங்கையும் மாப்பிள்ளையும் மாமனாரும் மட்டுமே கடையைப் பார்த்து வந்தார்கள். இந்த வருடம் பில் போடவும் ஸ்டாக் கணக்கு வைக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. பி.காம். முடித்த ஒரு பெண்ணை வேலைக்குப் பேசி முடித்தார்கள். அன்று இரவே மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், சம்பளம் பதினெட்டாயிரம்னு பேசியாச்சு. ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டேன். ஒரே ஒரு ஆளுக்கு லெட்டர் எல்லாம் வேணுமா?"

வேண்டும் என்றேன். ஈரோட்டில் நான் முதல் ஆளை வேலைக்கு எடுத்தபோது ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கடித மாதிரியை எங்கிருந்தோ எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அதில் தகுதிகாண் காலம் 6 மாதம் என்று இருந்தது. ஆறாம் மாதம் முடிந்தது எனக்கு நினைவிலேயே இல்லை. எட்டாம் மாதம் அந்தப் பையனிடம் "வேலை சரியா அமையல, வேற பார்த்துக்கோப்பா" என்றேன். சட்டப்படி அவனுக்கு ஒரு மாத அவகாசமோ ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டேன். எட்டு மாதமாக எதுவும் சொல்லாமல் வைத்திருந்து திடீரென்று அப்படிச் சொன்னது இன்றும் மனதை உறுத்துகிறது. அதனால் மாப்பிள்ளையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கடிதத்தை வரி வரியாக எழுதினோம். அதை அப்படியே இங்கே சொல்கிறேன். இது தமிழ்நாட்டில் ஓரிருவர் வேலை பார்க்கும் கடைக்கும் சிறு அலுவலகத்துக்கும் பொருந்தும். தொழிற்சாலைக்கு விதிகள் வேறு.

கடிதத்துக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்தான் இங்கே அடிப்படை. வேலை நேரம், வார விடுமுறை, லீவு, வேலையிலிருந்து நிறுத்துவது எல்லாம் அதில் இருக்கின்றன. சம்பளம் கொடுக்கும் விதத்தைப் பொறுத்தவரை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் மத்திய ஊதியச் சட்டத் தொகுப்பும் சேர்ந்துகொள்கிறது.

கடிதத்தில் என்ன எழுதினாலும் சட்டம் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுக்க முடியாது. ஊழியர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி நிற்காது. கூடுதலாகக் கொடுப்பதற்குத் தடை இல்லை. மாதிரிக் கடிதம் எதையாவது எடுத்து எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றி மாப்பிள்ளை மிகவும் பயந்திருந்தார். பி.எஃப். பொதுவாக 20 பேர் வேலை பார்க்கும் இடத்துக்கும், இ.எஸ்.ஐ. 10 பேர் இருக்கும் இடத்துக்கும்தான் கட்டாயமாகின்றன. ஓர் ஆள் இருக்கும் கடைக்கு இரண்டும் கட்டாயம் இல்லை. அதனால் பெரிய நிறுவனங்களின் மாதிரியில் இருக்கும் பிடித்தம் பற்றிய வரிகளை நம் கடிதத்தில் போடக் கூடாது. பி.எஃப். பிடிப்பதாக எழுதிவிட்டு, பணத்தைப் பிடித்து, எங்கும் கட்டாமல் விட்டால் அது நேரடியாக ஊழியரின் பணத்தை எடுத்துக்கொள்வதுதான்.

முதல் பத்தி: யார், என்ன வேலை, என்று முதல்

கடையின் லெட்டர் பேடில் எழுதினால் போதும், பத்திரத் தாள் தேவையில்லை. ஊழியரின் பெயர், முகவரி, பதவி, வேலை செய்யும் இடம், சேரும் தேதி ஆகியவை முதலில் வரட்டும். பதவிக்கு "பில்லிங் மற்றும் ஸ்டாக் உதவியாளர்" என்று போட்டோம். அதன் கீழே வேலைகளை மூன்று வரியில் எழுதினோம். பில் போடுவது, வந்த சரக்கை அன்றைக்கே கணினியில் ஏற்றுவது, மாதம் ஒருமுறை ஸ்டாக் எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுவது.

மாப்பிள்ளை நான்காவதாக "முதலாளி சொல்லும் மற்ற வேலைகள்" என்று சேர்க்கச் சொன்னார். கடை என்றால் சில நேரம் எல்லோரும் எல்லாமும் செய்ய வேண்டியிருக்கும், அது உண்மைதான். ஆனால் அந்த வரி வீட்டு வேலை வரைக்கும் நீளும். "கடை தொடர்பான மற்ற வேலைகள்" என்று ஒரு சொல்லை மாற்றினோம்.

இந்தக் கடிதம் எதுவரை செல்லும் என்பதையும் எழுதிவிடுங்கள். "2026 மே 20க்குள் கையெழுத்திட்டுத் தந்தால் இந்த வேலைவாய்ப்பு உறுதி" என்று ஒரு வரி போதும். அது இல்லாவிட்டால், அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் இன்னொருவரிடம் பேசவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

தகுதிகாண் காலம்: ஆறு மாதம் என்று எழுதாதீர்கள்

ப்ரொபேஷன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நான் தவறு செய்த இடமும் இதுதான் என்பதால் இதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டோம்.

கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தொடர்ச்சியாக 6 மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். நடத்தைக் குற்றச்சாட்டு என்றால் முறையாக விசாரித்து, சாட்சியத்தைப் பதிவு செய்து நிரூபித்த பிறகுதான் நோட்டீஸ் இல்லாமல் நிறுத்த முடியும். அவர் தகுதிகாண் காலத்தில் இருக்கிறாரா, நிரந்தரமாகிவிட்டாரா என்பதை இந்தப் பிரிவு கேட்பதில்லை. எத்தனை மாதம் வேலை பார்த்தார் என்பதை மட்டும்தான் பார்க்கிறது.

ஆகவே "ஓராண்டு தகுதிகாண் காலம், எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸ் இன்றி நிறுத்தலாம்" என்று கடிதத்தில் எழுதினாலும் ஏழாவது மாதத்திலிருந்து அந்த வரிக்கு உயிர் இல்லை. ஆறு மாதம் என்று எழுதினால் முடிவெடுக்க வேண்டிய நாளும் சட்டத்தின் எல்லையும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன. சீசன் வியாபாரத்தில் பத்து நாள் தள்ளிப்போனால் எல்லையைத் தாண்டிவிடுவோம்.

நாங்கள் இப்படி வைத்தோம். அவர் 2026 ஜூன் 1, திங்கட்கிழமை சேர்கிறார். தகுதிகாண் காலம் 3 மாதம், ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. தேவைப்பட்டால் ஒரே ஒருமுறை, 2 மாதம் மட்டும் நீட்டிக்கலாம். அப்படி நீட்டித்தாலும் அக்டோபர் 31 அன்று முடிந்துவிடும். ஆறு மாதம் நிறைவது நவம்பர் 30. நடுவில் ஒரு மாதம் மிச்சம் இருக்கிறது. பில்லில் தப்பு இல்லாமல் வேலை செய்கிறாரா, ஸ்டாக் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துகொள்ள ஐந்து மாதம் தாராளம்.

கடிதத்தில் எழுதியது இது:

> தங்கள் தகுதிகாண் காலம் 01.06.2026 முதல் 31.08.2026 வரை. இக்காலத்தில் பில்களின் துல்லியம், சரக்கு வரவை அன்றன்றே பதிவது, மாதாந்திர ஸ்டாக் கணக்கு, நேரம் தவறாமை ஆகியவை பார்க்கப்படும். 20.08.2026 அன்று தங்களுடன் பேசி, 31.08.2026க்குள் முடிவு எழுத்தில் தரப்படும். தேவைப்பட்டால் காரணத்தைக் குறிப்பிட்டு, ஒருமுறை மட்டும், அதிகபட்சம் 31.10.2026 வரை நீட்டிக்கப்படும். இறுதி நாளுக்குள் எழுத்தில் எதுவும் தரப்படாவிட்டால் தாங்கள் பணியில் உறுதி செய்யப்பட்டதாகக் கொள்ளலாம்.

கடைசி வரிக்கு மாப்பிள்ளை தயங்கினார். "நாம மறந்துட்டா தானாவே பர்மனென்ட் ஆயிடுமே மச்சான்?" ஆகும், அதற்காகத்தான் அந்த வரி என்றேன். அது இல்லையென்றால் தேதி கடந்த பிறகு அவர் உறுதியானவரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாத ஒன்றாகத் தொங்கும். அந்தத் தெளிவின்மையின் பாரம் முழுக்க அவர் தலையில்தான் விழும். மறக்காமல் இருக்க வேண்டிய கடமை, முடிவெடுக்கும் அதிகாரம் வைத்திருக்கும் நமக்குத்தான் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 20ஆம் தேதியைக் கடை காலண்டரில் அப்போதே சிவப்பு மையில் வட்டமிட்டோம்.

நீட்டிப்பு என்றால் அதை ஆகஸ்ட் 31க்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். செப்டம்பர் 10ஆம் தேதி உட்கார்ந்து "ஆகஸ்ட் 31லிருந்து நீட்டிக்கிறோம்" என்று பின்தேதியிட்ட கடிதம் கொடுப்பது பல கடைகளில் நடக்கிறது. மேலே உள்ள வரி இருக்கும் கடிதத்தில் அதற்குள் அவர் உறுதியாகியிருப்பார், அந்த நீட்டிப்பு செல்லாது.

நோட்டீஸ் காலத்தைப் பொறுத்தவரை, தகுதிகாண் காலத்தில் இரு பக்கமும் 7 நாள், அதற்குப் பிறகு இரு பக்கமும் 30 நாள் என்று வைத்தோம். நாம் 7 நாளில் அனுப்பலாம், அவர் மட்டும் 60 நாள் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எழுதுவது நியாயமே இல்லை. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும் வேண்டாம். பார்த்துவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொண்டு அசலை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வேலையை விட்டபின் இந்த ஊரில் வேறு எலக்ட்ரிக்கல் கடையில் சேரக் கூடாது என்றும் சிலர் எழுதுகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது.

சம்பளம்: தொகை பேசியாகிவிட்டது, கணக்கு பேசவில்லை

₹18,000 என்று பேசிவிட்டார்கள். அது கையில் வரும் தொகையா, பிடித்தம் போவதற்கு முந்தைய தொகையா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. முதல் மாதச் சம்பளத்தில்தான் இது வெடிக்கும். பி.எஃப். இல்லாத கடையில் பெரிய பிடித்தம் கிடையாது. உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்கும் தொழில் வரி மட்டும் இருக்கிறது. "மாதச் சம்பளம் ₹18,000. இதில் தொழில் வரி தவிர வேறு பிடித்தம் இல்லை" என்று எழுதினால் கேள்விக்கே இடமில்லை.

அடுத்தது குறைந்தபட்ச ஊதியம். கடைகள் மற்றும் வணிக நிறுவனங்களுக்குத் தமிழ்நாடு அரசு தனியாக நிர்ணயிக்கிறது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்தது அது. அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் மாறும். வேலையின் வகைப்படி தொகை வேறுபடும் என்பதால், அந்த வருடத்து அட்டவணையைத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டே தொகையை எழுதுங்கள். அடுத்த ஏப்ரலிலும் ஒருமுறை பாருங்கள். இன்று மேலே இருக்கும் சம்பளம் இரண்டு வருடம் உயர்த்தாமல் விட்டால் கீழே போய்விடலாம்.

சம்பளத்தை அடிப்படை, வீட்டு வாடகைப்படி, பயணப்படி, துவைக்கும் படி என்று ஏழெட்டாகப் பிரித்துக் காட்டும் பழக்கம் பி.எஃப். தொகையைக் குறைப்பதற்காக வந்தது. புதிய சட்டத் தொகுப்பில், ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி மறுபடி ஊதியமாகவே எண்ணப்படும். பி.எஃப். பிடிக்காத கடைக்கு இந்தப் பிரிவினையால் ஒரு பயனும் இல்லை. நாங்கள் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து ₹18,000 என்று ஒரே வரியில் எழுதினோம்.

சரி, இப்போது நிஜமான சிக்கலுக்கு வருவோம். ஒரு நாள் சம்பளம் எவ்வளவு?

மாதத்தை 30 நாளாக எடுத்தால் ஒரு நாளைக்கு ₹600. வார விடுமுறை நான்கைக் கழித்து 26 நாளாக எடுத்தால் ஒரு நாளைக்கு ₹692. அவர் லீவு தீர்ந்தபின் மூன்று நாள் வராவிட்டால் முதல் கணக்கில் ₹1,800 பிடிப்போம், இரண்டாவதில் ₹2,077 பிடிப்போம். ₹277 வித்தியாசம். கடிதத்தில் எதுவும் இல்லாதபோது, பிடிக்கும்போது 26ஆல் வகுப்பதும், கூடுதல் நேரத்துக்குப் பணம் கொடுக்கும்போது 30ஆல் வகுப்பதும் பல இடங்களில் நடக்கிறது. வேண்டுமென்று செய்யாவிட்டாலும், ஊழியர் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகு நாம் சொல்லும் எந்தக் கணக்கையும் அவர் நம்ப மாட்டார்.

என் கருத்து, பிடிப்பதற்கும் கொடுப்பதற்கும் 26ஐயே வைக்க வேண்டும். பணிக்கொடை விதிகூட 26 நாளை வைத்துத்தான் ஒரு நாள் ஊதியத்தைக் கணக்கிடுகிறது. அப்படி வைத்தால் ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் தனியாகப் பிடித்தம் கிடையாது. சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் வராவிட்டால் இரண்டு நாள்தான், இடையில் வந்த ஞாயிறு சேராது.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மாத நடுவில் சேர்பவருக்கோ விலகுபவருக்கோ 26 சரியாக வராது. ஒரு மாதத்தில் 27 வேலை நாள் வந்து, ஒருவர் முதல் நாள் மட்டும் வேலை பார்த்துவிட்டு விலகினார் என்று வையுங்கள். வராத 26 நாளுக்கு 26 பங்கையும் கழித்தால் அவர் வேலை பார்த்த அந்த ஒரு நாளுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் சேரும் மாதத்துக்கும் விலகும் மாதத்துக்கும் மட்டும் காலண்டர் நாள் கணக்கு என்று தனியாக எழுதினோம். ஜூன் 15 அன்று சேர்ந்தால் 16 நாள், நாளுக்கு ₹600 வீதம் ₹9,600.

> சம்பளமில்லா விடுப்புக்கும் கூடுதல் நேர ஊதியத்துக்கும் ஒரு நாள் ஊதியம் என்பது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து வரும் தொகை. பணியில் சேரும் மாதத்துக்கும் விலகும் மாதத்துக்கும் மட்டும், அந்த மாதத்தின் காலண்டர் நாட்களால் வகுத்துக் கணக்கிடப்படும்.

சம்பள நாள் அடுத்த மாதம் 5ஆம் தேதி, வங்கிக் கணக்கு வழியாக. ஊதியச் சட்டத் தொகுப்பு மாதம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது, 5 என்றால் இரண்டு நாள் கையிருப்பு இருக்கிறது. வேலையை விட்டால், யார் முடித்துக்கொண்டாலும், 2 வேலை நாளுக்குள் கணக்கை முடித்துப் பணம் தர வேண்டும். "அடுத்த மாதச் சம்பளத்தோடு வந்து வாங்கிக்கோ" என்பது இனி கூடாது. ரொக்கத்தைவிட வங்கி நல்லது என்று சொல்ல இன்னொரு காரணம், நாளைக்கு அவர் வண்டி லோன் கேட்டுப் போனால் சம்பளம் வாங்குகிறார் என்பதற்கு அந்தப் பாஸ்புக்தான் சாட்சி.

தீபாவளி போனஸ் பற்றி ஒரு வார்த்தை. போனஸ் விதி பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்குத்தான். ஆனால் நம் ஊரில் தீபாவளிக்கு ஒன்றும் இல்லாமல் யாரும் அனுப்புவதில்லை, அவரும் எதிர்பார்ப்பார். கொடுக்கப் போகிறீர்கள் என்றால் தொகையை எழுதிவிடுங்கள். "முதல் வருடம் ₹5,000, ஓராண்டு நிறைந்த பிறகு வரும் தீபாவளிகளுக்கு அரை மாதச் சம்பளம்" என்று மாப்பிள்ளையே சொன்னார், எழுதினோம்.

நேரம்: கடை நேரம் வேறு, அவர் நேரம் வேறு

கடை காலை 9 மணி முதல் இரவு 9 வரை திறந்திருக்கிறது. "கடை நேரம்தான் வேலை நேரம்" என்று மாப்பிள்ளை நினைத்திருந்தார். சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

காலை 9.30 முதல் 1.30 வரை, பிறகு சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், 2.30 முதல் 6.30 வரை. இரண்டு பாதியும் சரியாக நான்கு மணி நேரம். ஆறு நாளைக்கு 48. எல்லையைத் தொட்டு நிற்கிறது, ஒரு நிமிடம்கூட மிச்சம் இல்லை. அதனால் 6.30க்குப் பிறகு கடையைச் சுத்தம் செய்துவிட்டுப் போகச் சொன்னால் அந்த இருபது நிமிடமும் கூடுதல் நேரம்தான். கணக்கை முடிப்பது, கல்லாவை ஒப்படைப்பது எல்லாம் 6.30க்குள் முடியுமாறு 6.10க்கே பில்லை மாப்பிள்ளை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

சாப்பாட்டு நேரம் உண்மையில் ஓய்வாக இருக்க வேண்டும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே வந்தவருக்கு எம்.சி.பி. எடுத்துக் கொடுத்தால் அது ஓய்வு அல்ல. அந்த ஒரு மணி நேரம் கவுன்டரை யார் பார்ப்பது என்பதைக் கடிதம் எழுதும்போதே முடிவு செய்யுங்கள். இங்கே அது மாமனாரின் நேரம்.

தீபாவளிக்கு முன் சீரியல் லைட் வியாபாரம் இரவு வரை போகும். அப்போது கூடுதல் நேரம் வாங்கலாம், ஆனால் அதையும் சேர்த்து ஒரு நாளில் 10 மணி நேரம், ஒரு வாரத்தில் 54 மணி நேரம்தான் எல்லை. அதாவது வாரத்துக்கு ஆறு மணி நேரம். ஊதியம் சாதாரண விகிதத்தைப் போல இரண்டு மடங்கு. அவர் ஒரு மணி நேரச் சம்பளம் ₹18,000ஐ 26ஆல் வகுத்து, 8ஆல் வகுத்தால் ₹86.54. இரண்டு மடங்கு ₹173.08. ஆறு மணி நேரமும் வேலை பார்த்தால் அந்த வாரம் ₹1,038 கூடுதல். இந்தக் கணக்கைக் கடிதத்திலேயே உதாரணமாகப் போட்டோம். கூடுதல் நேரத்தை முதல் நாளே சொல்வது என்றும், இரவு 8 மணிக்கு மேல் போகக் கூடாது என்றும் சேர்த்தோம். அவர் ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார்.

லீவு: "ப்ரொபேஷனில் லீவு இல்லை" என்ற வரியை அடியுங்கள்

நான் பார்த்த மாதிரிக் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த வரி இருக்கிறது. கடைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, முதல் 12 மாதத்திலேயே சம்பளத்தோடு 12 நாள் தற்செயல் விடுப்பும், உடல்நலக் குறைவுக்கு 12 நாள் விடுப்பும் உண்டு என்கிறது. தகுதிகாண் காலம் அந்த முதல் 12 மாதத்துக்குள்தான் வருகிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தபின், அடுத்த ஆண்டில் சம்பளத்தோடு இன்னும் 12 நாள் விடுமுறை சேரும். அதை எடுக்காமல் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம்.

"முதல் வருஷமே இருபத்து நாலு நாளா?" என்று மாப்பிள்ளை மலைத்துவிட்டார். ஓர் ஆள் மட்டுமே உள்ள கடையில் அந்தக் கவலை இயல்பானதுதான். ஆனால் நாளைக் குறைப்பதில் அல்ல, சொல்லும் முறையில்தான் அதற்கு வழி இருக்கிறது. முன்பே தெரிந்த லீவை மூன்று நாள் முன்னால் சொல்ல வேண்டும், உடம்பு சரியில்லை என்றால் காலை 9 மணிக்குள் போனில் சொன்னால் போதும், தொடர்ந்து 3 நாளுக்கு மேல் போனால் மட்டும் மருத்துவர் சீட்டு. ஒரு நாள் காய்ச்சலுக்குச் சீட்டுக் கேட்டால், சீட்டு வாங்கவே ₹300 செலவாகும்.

இதெல்லாம் போக, பண்டிகை விடுமுறைகள் தனி. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், அதோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. ஐந்தில் பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி ஆகிய நான்கையும் எழுதினோம். ஐந்தாவதை அவரிடமே கேட்டோம். அவர் ஊர் மாரியம்மன் பண்டிகை நாளைச் சொன்னார். அப்படிப்பட்ட நாளில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாள் விடுமுறை தர வேண்டும். வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை.

கையெழுத்து

எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கம் வந்தது. தமிழில்தான் எழுதினோம், அவர் ஒருமுறை படித்தாலே புரிய வேண்டும் என்பதற்காக. இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அதன் கடைசியில் "இக்கடிதத்தைப் படித்துப் புரிந்துகொண்டு ஏற்கிறேன்" என்று அந்தப் பெண்ணின் கையெழுத்துக்கும் தேதிக்கும் இடம் விட்டோம்.

அங்கேயே கையெழுத்து வாங்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா அம்மாவோடு படித்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தார். ஒரே ஒரு கேள்வி இருந்தது. எம்.காம். தபால் வழியில் படிக்கிறாராம், தேர்வு நாட்களில் தற்செயல் விடுப்பைத் தொடர்ந்து ஐந்து நாள் எடுக்கலாமா என்று கேட்டார். மாப்பிள்ளை சரி என்றார். லீவு பத்தியின் கீழே அதைப் பேனாவால் ஒரு வரியாக இரண்டு பிரதியிலும் எழுதி, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பமிட்டார்கள். ஒரு பிரதி அவர் பையில் போனது. இன்னொன்று கடையின் ஜி.எஸ்.டி. கோப்புக்குப் பக்கத்தில், புதிதாக வாங்கிய ஒரு மஞ்சள் கோப்பில் இருக்கிறது.